நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இண்டெக்ஸ் ஃபண்டுன்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

ஒரு பட்டியலில் இருக்கும் எல்லாப் பங்குகளையும், அந்தப் பட்டியல் சொல்லும் விகிதத்திலேயே வாங்கி வைத்திருக்கும் மியூச்சுவல் ஃபண்ட். எந்தப் பங்கு ஏறும், எது இறங்கும் என்று அங்கே யாரும் மண்டையைக் குடைந்துகொள்வதில்லை. நம் ஊரில் பலரும் முதலில் தொடுவது, 50 பெரிய கம்பெனிகளின் பட்டியலான நிஃப்டி 50-ஐப் பின்பற்றும் ஃபண்டைத்தான் என்பதால் கீழே எல்லாவற்றையும் அதை வைத்தே சொல்கிறேன். சென்செக்ஸ் ஃபண்டுக்கும் ஏறக்குறைய இதே கதைதான், அங்கே 30 பங்குகள்.

அந்த 50 கம்பெனி எதுன்னு யார் முடிவு பண்றாங்க?

தேசியப் பங்குச் சந்தையின் துணை நிறுவனமான என்எஸ்இ இண்டைசஸ். ஆண்டுக்கு இரண்டு முறை பட்டியலைப் பரிசீலித்து, மார்ச் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் மாற்றுகிறார்கள். முக்கியமாகப் பார்ப்பது, புரமோட்டர்கள் கையில் இருப்பதைக் கழித்துவிட்டு வெளியே கைமாறக்கூடிய பங்குகளின் மொத்தச் சந்தை மதிப்பை. அந்த மதிப்பு எவ்வளவு பெரியதோ, நிஃப்டியில் அந்தக் கம்பெனிக்கு அவ்வளவு பெரிய இடம். இதைத்தான் வெயிட்டேஜ் என்கிறார்கள்.

இதோடு, விலையை அதிகம் அசைக்காமல் வாங்கி விற்கும் அளவுக்குப் பங்கு புழங்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. புதிதாக வரும் கம்பெனியின் மதிப்பு, பட்டியலில் உள்ள ஆகச் சிறிய கம்பெனியைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி இடத்துக்கு இரண்டு கம்பெனிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளே வெளியே விளையாடிக்கொண்டிருக்கும். லாபம் அடுத்த ஆண்டு கூடுமா, நிர்வாகம் நல்லவர்களா என்ற கேள்விகளுக்கு இதில் இடமே இல்லை.

நான் மாசம் 5,000 ரூபாய் எஸ்ஐபி போட்டா அந்தப் பணம் எங்க போகுது?

உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் போகிறது. அதில் முத்திரைத் தீர்வை 0.005 சதவீதம், அதாவது 25 காசு கழிகிறது. அன்றைய என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, 160 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மீதி 4,999 ரூபாய் 75 காசுக்கு 31.248 யூனிட் உங்கள் பெயரில் ஏறும். ஸ்டேட்மெண்ட்டில் மூன்று தசமம் வரை காட்டுவார்கள், சரிபார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே அந்த 5,000 ரூபாய் 50 துண்டாகப் பிரிகிறது. இதை எழுதும் நேரத்தில் பட்டியலின் தலையில் இருக்கும் எச்டிஎஃப்சி பேங்குக்கு அதில் சுமார் 600 ரூபாயும், ரிலையன்ஸுக்குச் சுமார் 400 ரூபாயும் போகும். பட்டியலின் வால் பகுதியில் இருக்கும் கம்பெனிக்கு இருபது, இருபத்தைந்து ரூபாய்தான்.

இதையே டீமேட் கணக்கு வைத்துக்கொண்டு நீங்கள் கையால் செய்ய முயன்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். மாருதியின் ஒரு பங்கே 10,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. நிஃப்டியில் அதற்கு ஒன்றரை சதவீதம் இடம் என்று வைத்தால், அந்த ஒரு பங்கை சரியான அளவில் வைத்திருக்கவே உங்களிடம் மொத்தம் ஆறேழு லட்சம் ரூபாய் முதலீடு இருக்க வேண்டும். அதில் பாதிகூட இல்லாதவர் கையில் 10,000 ரூபாய்ப் பங்கு ஒன்று சேர்ந்தாலே அது மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். நிஃப்டி 50-ல் இல்லாவிட்டாலும் நம் சென்னைக் கம்பெனி எம்ஆர்எஃப் இருக்கிறதே, அதன் ஒரு பங்கு 2023 ஜூனிலேயே ஒரு லட்சத்தைத் தொட்டது. சிறு சேமிப்பாளருக்குத் தனிப் பங்கு ஒத்துவராமல் போவதற்கு இந்தச் சாதாரணக் காரணமும் உண்டு: பணம் போதாது, அதனால் பரவலாக வாங்க முடியாது, அதனால் நாலைந்து பங்குகளில் எல்லாம் போய் முடங்குகிறது.

விலை தினமும் மாறுதே, ஃபண்ட் மேனேஜர் தினமும் வாங்கி வித்துக்கிட்டே இருக்கணுமா?

வேண்டியதில்லை. பலருக்கும் புரியாமல் போகிற இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

அந்த ஃபண்ட் ஒவ்வொரு கம்பெனியிலும், வெளியே புழங்கும் பங்குகளில் பத்தாயிரத்தில் ஒன்றை வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கம்பெனியிலும் அதே பத்தாயிரத்தில் ஒன்று. நாளைக்கு ஒரு கம்பெனியின் விலை இரட்டிப்பானால், நிஃப்டியில் அதன் வெயிட்டேஜ் கூடும். ஃபண்டில் இருக்கும் அதன் மதிப்பும் தானாகவே அதே அளவு கூடும். ஒரு பங்குகூட வாங்க வேண்டாம். இன்னொன்று பாதியாக விழுந்தால் ஃபண்டிலும் தானாகவே சுருங்கிவிடும். விற்கவும் வேண்டாம்.

வாங்கும் விற்கும் வேலை வருவது, புதுப் பணம் வரும்போது, யாராவது பணத்தை எடுக்கும்போது, டிவிடெண்ட் வந்து சேரும்போது, அப்புறம் பட்டியலே மாறும்போது. எப்போதாவது கம்பெனி பிரிப்பு மாதிரி விசித்திரங்களும் வரும். 2023 ஜூலையில் ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தபோது, நிஃப்டி 50-ல் சில வாரங்களுக்கு 51 பங்குகள் இருந்தன!

வேலை இவ்வளவு குறைவு என்பதால்தான் இந்த ஃபண்டுகளை மலிவாக நடத்த முடிகிறது. ஏறியது பெரிதாவதும் விழுந்தது சிறிதாவதும் யாருடைய மனநிலையையும் சாராமல் நடக்கின்றன என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அடுத்த இரண்டு பதில்களும் இதன் மேல்தான் நிற்கின்றன.

நல்ல கம்பெனியா பார்த்து நானே பத்து பங்கு வாங்கினா என்ன தப்பு?

தப்பில்லை. கணக்கு உங்களுக்கு எதிராக இருக்கிறது, அவ்வளவுதான்.

பங்குச் சந்தையின் லாபம் எல்லாக் கம்பெனிக்கும் சமமாகப் பிரிவதில்லை. அமெரிக்கப் பேராசிரியர் ஹென்ட்ரிக் பெசம்பைண்டர், 1926 முதல் 2016 வரை அந்நாட்டுச் சந்தையில் இருந்த பங்குகளை எல்லாம் எடுத்துக் கணக்குப் போட்டார். அரசாங்கத்தின் குறுகிய காலக் கடன் பத்திரத்தில் பணம் போட்டிருந்தால் கிடைப்பதைவிட அதிகமாகச் சந்தை சேர்த்த செல்வம் முழுவதையும் தந்தது நூற்றுக்கு நான்கு கம்பெனிகள்தான். பாதிக்கும் மேற்பட்ட பங்குகள், தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கடன் பத்திரத்தைக்கூட எட்டவில்லை. அது அமெரிக்கக் கணக்கு, நம் சந்தைக்கு எண்கள் அப்படியே பொருந்த வேண்டும் என்றில்லை. ஆனால் காரணம் எங்கும் ஒன்றுதான்: ஒரு பங்கு விழுந்தால் அதிகபட்சம் போட்ட பணம் போகும், ஏறினால் ஐம்பது மடங்குகூட ஏறலாம். அந்தச் சில ஐம்பது மடங்குகள்தான் சராசரியை மேலே இழுக்கின்றன. பத்துப் பங்கு வாங்கும் நம் கையில் அது சிக்காமல் போகவே வாய்ப்பு அதிகம். எல்லாவற்றையும் வாங்குகிறவர் அதையும் சேர்த்து வாங்கிவிடுகிறார்.

சரி, சிக்கியே விட்டது என்று வைப்போம். அதை நாம் கையில் வைத்திருப்போமா? என் கதையைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் என்னிடம் ஒன்பது பங்குகள் இருந்தன. இரண்டு நன்றாக ஏறின. நாற்பது சதவீதம் வந்ததும் "லாபத்தை எடுத்துவிடுவோம்" என்று இரண்டையும் விற்றேன். ஒரு கட்டுமானக் கம்பெனிப் பங்கு, பெயர் வேண்டாம், 118 ரூபாய்க்கு வாங்கியது 90-க்கு வந்தது. "ஆவரேஜ் பண்ணலாம்" என்று இன்னும் கொஞ்சம் வாங்கினேன். 61-க்கு வந்தபோது, விற்ற அந்த இரண்டு பங்கின் பணத்தையும் அதிலேயே கொட்டினேன். கடைசியில் அதை 7 ரூபாய்க்கு விற்றுவிட்டு வெளியே வந்தேன். விற்ற இரண்டில் ஒன்று இன்றைக்கு நான் விற்ற விலையைப் போல் எட்டு மடங்கு.

நான் செய்ததையும் மேலே சொன்ன ஃபண்ட் செய்வதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறியதை அது பெரிதாக விட்டது, நான் வெட்டினேன். விழுந்ததை அது சுருங்க விட்டது, நான் வளர்த்தேன். அறிவில் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. நஷ்டத்தில் விற்க மனசு வராது, லாபத்தைப் பார்த்தால் கை பரபரக்கும். என் கதையைக் கேட்டவர்களில் பாதிப் பேர் "எனக்கும் இதேதான்" என்றார்கள், கம்பெனிப் பெயர் மட்டும் வேறு.

அந்த 50-ல ஒரு கம்பெனி திவாலானா என் பணம்?

அந்தக் கம்பெனியின் பங்கு அளவுக்கு நஷ்டம் உங்களுக்கும் உண்டு. "இண்டெக்ஸ் ஃபண்ட் கெட்ட கம்பெனியை முன்கூட்டியே தூக்கிவிடும்" என்று சிலர் சொல்வது உண்மையில்லை. முழு வீழ்ச்சியையும் அது உள்ளே இருந்தபடியே பார்க்கும். நஷ்டம் எவ்வளவு பெரியதாக இருக்க முடியும் என்பதில்தான் வித்தியாசம்.

யெஸ் பேங்கை எடுத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்ட்டில் அதன் பங்கு 390 ரூபாய்க்கு மேல் விற்றது. வேகமாக வளரும் தனியார் வங்கி, நிஃப்டி 50-ல் இடம், தொலைக்காட்சியில் நாள்தோறும் பேச்சு. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி தலையிட்டு, ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு விதித்தது. மறுநாள் பங்கு 16 ரூபாய் சொச்சத்தில் முடிந்தது.

390 ரூபாய் விலையில் ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கியவரிடம் 256 பங்குகள் இருந்திருக்கும். மார்ச் 6 மாலை அவற்றின் மதிப்பு சுமார் 4,100 ரூபாய். அப்புறம் இன்னொன்றும் நடந்தது. ஸ்டேட் பேங்க் தலைமையில் வங்கியை மீட்கும் திட்டம் வந்தபோது, 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்கள் தம் பங்கில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்று பூட்டிவிட்டார்கள். 4,100 ரூபாயாவது மிஞ்சட்டும் என்று நினைத்தவரால் முழுவதையும் எடுக்க முடியவில்லை.

அதே ஒரு லட்சம் நிஃப்டி ஃபண்டில் இருந்திருந்தால்? யெஸ் பேங்கின் இடத்தைத் தாராளமாகவே 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அது சுத்தமாகப் பூஜ்யம் ஆனாலும் போவது 2,000 ரூபாய். விலை இறங்க இறங்க அதன் இடமும் சுருங்கிக்கொண்டே வந்ததால், 2020 மார்ச்சில் அது ஃபண்டின் ஒரு மூலையில் கிடக்கும் அற்பத் தொகையாகியிருந்தது. மார்ச் கடைசியில் போக வேண்டியதை முன்னுக்கு இழுத்து, மார்ச் 19 அன்றே நிஃப்டியிலிருந்து எடுத்துவிட்டு ஸ்ரீ சிமெண்ட்டைச் சேர்த்தார்கள். 75 சதவீதப் பூட்டு இண்டெக்ஸ் ஃபண்டுகளுக்கும் விழுந்தது. பட்டியலில் இல்லாத பங்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களும் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆனால் யூனிட் வைத்திருந்த யாருக்கும் அது தெரியக்கூட இல்லை, தொகை அவ்வளவு சிறியது.

சத்யம் இன்னும் வேகமாக நடந்தது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கில் மோசடி செய்ததை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். ஒரே நாளில் பங்கு 179 ரூபாயிலிருந்து 40 ரூபாய்க்கு வந்தது. தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும் விருதுகளையும் பார்த்து வாங்கியவர்கள் எல்லாரும் மாட்டினார்கள். சில நாளில் நிஃப்டியில் சத்யத்தின் இடத்துக்கு ரிலையன்ஸ் கேபிடல் வந்தது, சென்செக்ஸில் சன் ஃபார்மா வந்தது. மீதிக் கதையும் கேளுங்கள். சன் ஃபார்மா இன்றும் பெரிய கம்பெனி. ரிலையன்ஸ் கேபிடல் சில ஆண்டுகளில் நிஃப்டியிலிருந்து வெளியேறி, பிற்பாடு திவால் நடவடிக்கைக்குப் போய், பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சாமல் முடிந்தது. ஆக, மாற்று ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் பட்டியல் போடுகிறவர்களுக்கு ஞானதிருஷ்டி எதுவும் கிடையாது. இளைத்ததை வெளியே அனுப்பும் வழக்கம் மட்டும் தவறாமல் நடக்கிறது.

ஏறின பிறகு வாங்கி, இறங்கின பிறகு விக்கிறதுதானே இது? முட்டாள்தனமா இல்லையா?

ஓரளவு உண்மைதான், மழுப்ப மாட்டேன். ஒரு பங்கு நிஃப்டிக்குள் வரும்போது ஏற்கெனவே நன்றாக ஏறியிருக்கும், வெளியே போகும்போது அடி வாங்கியிருக்கும். போன பங்கு சில சமயம் அதன்பின் எழுந்து நிற்கும். யூனிடெக், சுஸ்லான், ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸ் எல்லாம் ஒருகாலத்தில் நிஃப்டியில் இருந்தவை. உற்சாகம் உச்சத்தில் இருந்த காலத்தில் உள்ளே வந்து, நொந்துபோய் வெளியேறியவை.

ஆனால் இப்படி மாறுவது ஆண்டுக்கு இரண்டு, மூன்று, அபூர்வமாகக் கொஞ்சம் கூட. அதுவும் பட்டியலின் வாலில், ஒவ்வொன்றும் ஒரு சதவீதத்தை ஒட்டிய இடத்தில். இந்த மாற்றத்தால் வரும் இழப்பை நான் ஃபண்ட் கட்டணம் மாதிரி ஒரு சின்னச் செலவாகத்தான் பார்க்கிறேன்.

நிஃப்டியில் என்னை இதைவிட அதிகமாக உறுத்துவது வேறு. 50 கம்பெனி என்று பெயர், ஆனால் முதல் பத்துக் கம்பெனியிடமே பாதிக்கு மேல் பணம் இருக்கிறது. வங்கி, நிதித் துறைக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வங்கித் துறை முழுவதும் அடி வாங்கினால் "நான் 50 பங்கு வைத்திருக்கிறேன்" என்ற ஆறுதல் பெரிதாக உதவாது. இது சங்கடமாக இருப்பவர்கள் அடுத்த 50 கம்பெனிகளைப் பின்பற்றும் நிஃப்டி நெக்ஸ்ட் 50 ஃபண்டைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறார்கள். அதில் ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம் என்பதைத் தெரிந்துகொண்டு சேர்க்க வேண்டும்.

மொத்த மார்க்கெட்டும் விழுந்தா?

நீங்களும் விழுவீர்கள், தப்பவே முடியாது. 2008 ஜனவரி 8 அன்று நிஃப்டி 6,287-ல் இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று 2,524. அதாவது நூறு ரூபாய் நாற்பதானது. 2010 நவம்பரில் பழைய உயரத்தைத் தொட்டுவிட்டு மறுபடி சரிந்தது. 2013 கடைசி நாளில் 6,304. ஆறு ஆண்டு காத்திருந்தவருக்கு டிவிடெண்ட் தவிர ஒன்றுமில்லை, விலைவாசியைச் சேர்த்தால் நஷ்டம்.

2020-ல் வேகமாக நடந்தது. ஜனவரியில் 12,362, மார்ச் 23 அன்று 7,610, நவம்பரில் மறுபடி பழைய இடம். இதைப் பார்த்தவர்கள் "எட்டு மாதத்தில் மீண்டுவிடும்" என்று பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கம் ஆபத்தானது. ஜப்பானின் பங்குப் பட்டியலான நிக்கேய் 1989 டிசம்பரில் 38,915-ல் முடிந்தது. அந்த உயரத்தை அது மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில்.

ஒரு கம்பெனி கெடுவதால் வரும் அடியைத்தான் இண்டெக்ஸ் ஃபண்ட் தாங்கிக்கொள்ளும். நாடே இளைத்தால் அதற்கு அதனிடம் மருந்து கிடையாது. ஐந்து ஆண்டுக்குள் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு வேண்டிய பணத்தை இதில் போடாதீர்கள், அதற்கு வங்கி எஃப்டி போதும்.

நல்ல ஃபண்ட் மேனேஜர்கிட்ட கொடுத்தா அவர் இதைவிட நல்லா பண்ண மாட்டாரா?

சிலர் செய்வார்கள். யார் என்று இப்போதே சொல்வதுதான் கஷ்டம். 1991-ல் பொருளாதார நிபுணர் வில்லியம் ஷார்ப் இதை ஒரு கூட்டல் கணக்காகவே காட்டினார். சந்தையில் உள்ள எல்லாரும் சேர்ந்து வைத்திருப்பதுதான் சந்தை. எனவே தேர்ந்தெடுத்து வாங்குகிறவர்களின் சராசரி லாபம், செலவுக்கு முன்னால் சந்தையின் லாபத்துக்குச் சமமாகத்தான் இருக்க முடியும். செலவைக் கழித்தால் அதற்குக் கீழே. செலவு கூடக் கூட அந்த வித்தியாசமும் கூடும்.

இந்த யோசனையைச் சாதாரண மக்களுக்கான ஃபண்டாக 1976-ல் அமெரிக்காவில் கொண்டுவந்தவர் வேன்கார்ட் ஃபண்ட் நிறுவனத்தின் ஜான் போகிள். 15 கோடி டாலர் திரட்ட நினைத்தார், கிடைத்தது சுமார் 1 கோடியே 13 லட்சம். சராசரிக்கு யாராவது ஆசைப்படுவார்களா என்று தொழிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

எல்லா நிஃப்டி ஃபண்டும் ஒண்ணுதானே? எதை வாங்கினா என்ன?

உள்ளே இருக்கும் பங்குகள் ஒன்றுதான். கட்டணமும் கைத்திறமையும் வேறு.

முதலில் கட்டணம். ஏஜென்ட், வங்கி மூலம் வாங்கினால் அது ரெகுலர் பிளான், அவர்களுக்குக் கமிஷன் போகும். ஃபண்ட் நிறுவனத்திடம் நேராக வாங்குவது டைரக்ட் பிளான், 2013 ஜனவரியிலிருந்து கிடைக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 5,000 ரூபாய், 20 ஆண்டு. பட்டியல் ஆண்டுக்கு 12 சதவீதம் தருகிறது என்று வெறும் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். கட்டணம் 0.2 சதவீதமானால் கையில் சுமார் 48 லட்சத்து 15 ஆயிரம். 0.8 சதவீதமானால் சுமார் 44 லட்சத்து 45 ஆயிரம். நீங்கள் போட்ட மொத்தமே 12 லட்சம். அதே 50 பங்குக்கு மூன்றே முக்கால் லட்சத்தை ஒட்டிய தொகை கூடுதல் கூலி. ஆப்பில் தேடும்போது பெயரின் கடைசியில் `Direct Plan - Growth` என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது டிராக்கிங் டிஃபரன்ஸ். பட்டியல் தந்த லாபத்துக்கும் ஃபண்ட் தந்த லாபத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. பட்டியல் 13 சதவீதம், ஃபண்ட் 12.7 சதவீதம் என்றால் 0.3. கட்டணம் 0.2 தானே, மீதி 0.1 எங்கே? மாற்றம் வரும் நாளில் வாங்கி விற்ற செலவு, பணத்தைக் கொஞ்சம் சும்மா வைத்திருந்தது, இப்படிப் போயிருக்கும். இது ஒவ்வோர் ஆண்டும் கட்டணத்தைவிட வெகுவாக அதிகமாக இருந்தால் அந்த ஃபண்ட் வேலையைச் சுத்தமாகச் செய்யவில்லை. ஃபண்ட் நிறுவனங்கள் இந்த எண்ணைத் தங்கள் தளத்திலேயே வெளியிட வேண்டும் என்று சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி விதித்திருக்கிறது. ஓராண்டை மட்டும் பார்க்காமல் மூன்று, ஐந்து ஆண்டு எண்களையும் பாருங்கள்.

என் ஃபண்ட் நிஃப்டியைவிட 1% அதிகம் கொடுத்திருக்கு. அப்போ அது சூப்பர் ஃபண்டா?

தப்பான நிஃப்டியோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். செய்தியில் சொல்லும் நிஃப்டி வெறும் விலையைக் கணக்கிடுவது, அதில் டிவிடெண்ட் சேராது. ஃபண்டுக்கோ 50 கம்பெனியின் டிவிடெண்ட்டும் வந்து சேர்கிறது, ஆண்டுக்கு ஒன்று, ஒன்றேகால் சதவீதம் வரும். டிவிடெண்ட்டையும் சேர்த்த பட்டியலுக்கு `Nifty 50 TRI` என்று பெயர். ஃபண்டின் மாதாந்திர அறிக்கையில் அது இருக்கும். அதோடு ஒப்பிட்டால் உங்கள் ஃபண்ட் கொஞ்சம் கீழேதான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

ஈடிஎஃப் இன்னும் மலிவுன்னு சொல்றாங்களே?

ஈடிஎஃப்பும் இதே பட்டியலைப் பின்பற்றும் ஃபண்டுதான், ஆனால் பங்கு மாதிரி சந்தையில் கைமாறுவது. கட்டணம் மலிவு, சரி. ஆனால் அதைச் சந்தையில் இன்னொருவரிடமிருந்து வாங்க வேண்டும். டீமேட் கணக்கு வேண்டும், சில ஈடிஎஃப்களில் விற்க ஆள் குறைவாக இருந்தால் உண்மையான மதிப்பைவிட அதிக விலை கொடுத்து வாங்குவீர்கள். மாதாமாதம் தானாகப் பணம் போக வேண்டும் என்பவருக்கு இண்டெக்ஸ் ஃபண்டே வசதி.

டிஃபென்ஸ் இண்டெக்ஸ், ஐடி இண்டெக்ஸ் ஃபண்டெல்லாம் விளம்பரம் வருதே, அதுவும் இதே மாதிரிதானா?

பெயரில் மட்டும். ஒரே துறையில் பத்து, இருபது பங்கு வாங்குவது என்பது, "இந்தத் துறைதான் ஏறும்" என்று நீங்களே தேர்ந்தெடுப்பது. விட்டொழித்த வேலை பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வருகிறது. அதுவும் இந்த ஃபண்டுகள் பெரும்பாலும் அந்தத் துறை நன்றாக ஏறி முடித்த நேரத்தில்தான் கடைக்கு வருகின்றன.

வரி எப்படி?

ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், பங்கு, பங்கு சார்ந்த ஃபண்டு எல்லாம் சேர்த்து ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம். 2024 ஜூலை 23-லிருந்து இந்த விகிதம். தனிப் பங்கு வைத்திருப்பவருக்கும் இதேதான்.

வித்தியாசம் வேறு இடத்தில். ஃபண்டுக்குள் ஒரு பங்கை விற்று இன்னொன்றை வாங்கினால் உங்களுக்கு வரி வராது, நீங்கள் யூனிட்டை விற்கும்போதுதான் வரும். நீங்களே ஒரு பங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஒவ்வொரு முறையும் லாபத்துக்கு வரி, வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி, விற்கும்போது பதினைந்து இருபது ரூபாய் டீமேட் கட்டணம். 2,000 ரூபாய்ப் பங்கை விற்கும்போது அந்த இருபது ரூபாயே ஒரு சதவீதம்.

ஏற்கெனவே 11 பங்கு வச்சிருக்கேன். எல்லாத்தையும் வித்துட்டு இதுக்கு மாறிடணுமா?

ஒரே நாளில் வேண்டாம். இனி வரும் மாதச் சேமிப்பை ஃபண்டுக்குத் திருப்பிவிடுங்கள், அது இன்றைக்கே செய்யலாம். இருக்கும் 11 பங்குக்கும் ஒரு தாளில் வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய விலை எழுதுங்கள். நஷ்டத்தில் இருப்பதை முதலில் விற்கலாம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கில் வந்த நஷ்டத்தை, அதே மாதிரி நீண்ட கால லாபத்தோடு கழித்துக்கொள்ள முடியும், மிஞ்சினால் வருமான வரி ரிட்டர்னை நாள் தவறாமல் தாக்கல் செய்து எட்டு ஆண்டு வரை எடுத்துச் செல்லலாம். லாபத்தில் இருப்பதை ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் தாண்டாமல் மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என்று இரண்டு நிதியாண்டுக்குப் பிரித்து விற்கலாம்.

ஒன்றிரண்டை விற்க மனசே வரவில்லையா, வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் அது என்ன ஆனாலும் தூக்கம் கெடாது. என்னிடமும் இரண்டு இருக்கின்றன. ஒன்று நஷ்டம்தான், இன்னும் ஆவரேஜ் பண்ணவில்லை.